தேரவாதமும் மகாயானமும்: வேறுபாடுகள் (மேல்நிலை வகுப்புத் திருப்புதல் குறிப்பு)

பௌத்தத்தின் இரு பெரும் மரபுகளை ஒப்பிடச் சொல்லும் வினாவுக்கு விடை எழுதுகிற மாணவர்களில் பலர், "தேரவாதம் உருவ வழிபாட்டை ஏற்காது, மகாயானம் ஏற்கும்" என்று தொடங்கி, "முன்னதன் மொழி பாலி, பின்னதன் மொழி சமஸ்கிருதம்" என்று முடித்துவிடுகிறார்கள். முதல் கூற்று தேரவாத நாடுகளின் நடைமுறைக்கே முரணானது. இரண்டாவது பெரும்பாலும் சரி என்றாலும், வேறுபாட்டின் மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. பௌத்தர் ஒருவர் தம் முயற்சியின் முடிவில் எந்த நிலையை நாட வேண்டும் என்ற கேள்விக்கு இவ்விரு மரபுகளும் தரும் விடைதான் ஒப்பீட்டின் அச்சாணி. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவானவை

நான்கு உயரிய உண்மைகள், எண்வழிப் பாதை, கர்மம், மறுபிறப்பு, நிலையாமை, துக்கம், நிலையான ஆன்மா இல்லை என்ற அனான்மம், சார்பில் தோன்றுதல் ஆகிய அடிப்படைகளை இரு மரபுகளும் ஏற்கின்றன. புத்தர், தருமம், சங்கம் என்ற மும்மணிகளில் சரணடைவதும் இரண்டுக்கும் பொதுவே. ஆகவே, இவற்றில் ஏதேனும் ஒன்றை ஒரு பிரிவுக்கு மட்டும் உரியதாக எழுதினால் மதிப்பெண் குறையும்.

பிரிவு ஏற்பட்ட விதம்

புத்தர் பரிநிர்வாணம் அடைந்து சுமார் 100 ஆண்டுகளுக்குப் பின் வைசாலியில் கூடிய இரண்டாம் பௌத்த மாநாட்டில், பிக்குகள் பொன்னும் வெள்ளியும் பெறலாமா என்பது உள்ளிட்ட பத்து நடைமுறைகள் விவாதிக்கப்பட்டன. இதையொட்டிய காலத்தில் சங்கம் ஸ்தவிரவாதம், மகாசாங்கிகம் என இரண்டாகப் பிரிந்தது. தேரவாதம் ஸ்தவிரவாதத்தின் வழிவந்தது. அசோகர் காலத்தில் பாடலிபுத்திரத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் மூன்றாம் மாநாடு கூடியதாகத் தேரவாத மரபு கூறுகிறது. அதன்பின் மகிந்தர் வழியாக இலங்கை சென்ற இம்மரபு, அநுராதபுரத்தின் மகாவிகாரையை மையமாகக் கொண்டு வேரூன்றியது.

மகாசாங்கிகமே பெயர் மாறி மகாயானம் ஆயிற்று என்று எழுதுவது தவறு. பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டையொட்டி, பல்வேறு பிரிவுகளைச் சேர்ந்த பிக்குகளிடையே புதிய சூத்திரங்களைப் படித்து, புத்தநிலையையே குறிக்கோளாகக் கொண்ட ஓர் இயக்கமாக மகாயானம் படிப்படியாக வளர்ந்தது. கனிஷ்கர் காலத்தில் காஷ்மீரத்தில் கூடிய நான்காம் மாநாட்டில் இப்பிரிவு உறுதிப்பட்டதாகப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அதை அப்படியே எழுதலாம். ஆனால் அம்மாநாடு பெரிதும் சர்வாஸ்திவாதப் பிரிவினரோடு தொடர்புடையது என்பதையும், மகாயானம் ஒரே கூட்டத்தில் பிறந்துவிடவில்லை என்பதையும் விரிவான விடையில் சேர்ப்பது நல்லது.

பிரிவு என்றதும் எதிரெதிர் முகாம்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா வந்து நாளந்தாவில் தங்கிப் படித்த சீனத் துறவி இட்சிங், இரு சாராரும் துறவியருக்கான ஒரே விநய ஒழுக்கத்தையே பின்பற்றினர் என்றும், போதிசத்துவர்களை வணங்கி மகாயான சூத்திரங்களைப் படிப்போர் மகாயானத்தார், அவ்வாறு செய்யாதோர் மற்றவர் என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஒரே மடத்தில் இரு சாராரும் வாழ முடிந்தது இதனால்தான்.

குறிக்கோள்: அரகந்தரும் போதிசத்துவரும்

தேரவாதத்தில் பயிற்சியாளர் நாடும் நிலை அரகந்தர் நிலை. ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றை முற்றாக அறுத்து, இனிப் பிறப்பில்லை என்ற விடுதலையை அடைந்தவரே அரகந்தர். சோதாபன்னர், சகதாகாமி, அனாகாமி, அரகந்தர் என நான்கு படிகள் இதற்கு வகுக்கப்பட்டுள்ளன. வழியைக் கண்டறிந்து கற்பித்தவர் புத்தர். அவ்வழியே நடந்து அதே விடுதலையை எய்துவோர் அவருடைய சீடர்கள்.

மகாயானமோ, அரகந்தர் நிலை உயர்ந்ததே ஆயினும் அது முடிந்த முடிபன்று என்கிறது. எல்லா உயிர்களையும் துக்கத்திலிருந்து விடுவிக்கும் பொருட்டுத் தாமும் புத்தராக வேண்டும் என்று உறுதி பூணும் போதிசத்துவரே அதன் இலட்சிய மனிதர். அந்த உறுதிக்குப் போதிசித்தம் என்று பெயர். அதன்பின் கொடை, ஒழுக்கம், பொறுமை, ஊக்கம், தியானம், மெய்யறிவு என்ற, முழுமையாக்க வேண்டிய நற்பண்புகளான ஆறு பாரமிதைகளைப் பயின்று, பத்துப் பூமிகள் எனப்படும் படிநிலைகளைக் கடந்து செல்ல வேண்டும்.

தாமரைச் சூத்திரத்தில் வரும் எரியும் வீட்டுக் கதை இந்நிலைப்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. தீப்பற்றிய வீட்டுக்குள் விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளை வெளியே வரவழைக்க, ஆட்டு வண்டி, மான் வண்டி, மாட்டு வண்டி என மூவகை வண்டிகளைத் தருவதாகத் தந்தை ஆசை காட்டுகிறார். ஓடி வந்த பிள்ளைகள் அனைவருக்கும் அவர் தருவது ஒரேவகைச் சிறந்த பெருவண்டியைத்தான். சீடர் வழியும், தனித்து ஞானம் பெறும் பிரத்தியேக புத்தர் வழியும் புத்தர் கையாண்ட உபாயங்களே. இறுதியில் இருப்பது புத்தநிலை என்ற ஒரே யானமே என்பது இதன் கருத்து.

இதைப் படித்துவிட்டு, தேரவாதத்துக்குப் போதிசத்துவர் என்ற கருத்தே தெரியாது என்றோ, அது தன்னலம் சார்ந்தது என்றோ எழுதிவிடக் கூடாது. பாலி மரபில் வரும் சுமேதர் என்ற துறவி, தீபங்கர புத்தரின் முன்னிலையில் அப்பிறவியிலேயே விடுதலை அடையும் தகுதி பெற்றிருந்தும், பிறரையும் கரையேற்றுவதற்காகப் புத்தராவதையே தேர்ந்தெடுக்கிறார். அவரே பல பிறவிகளுக்குப் பின் கௌதம புத்தராகிறார். ஜாதகக் கதைகள் முழுவதிலும் போதிசத்துவர்தாம் தலைவர். தேரவாதம் அவ்வழியை மிக அரிதான சிலருக்கு உரியதாகக் கொள்கிறது, மகாயானம் அதை அனைவருக்குமான அழைப்பாக விரிக்கிறது என்பதே நுட்பமான வேறுபாடு. என் கருத்தில், முழு மதிப்பெண் பெறும் விடையை மற்ற விடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஒரு வாக்கியமே.

புத்தர் பற்றிய பார்வை

தேரவாதம் கௌதம புத்தரை, நிகரற்ற ஆற்றல்கள் கொண்ட, ஆயினும் மனிதராய்ப் பிறந்து பரிநிர்வாணம் அடைந்த ஆசானாகக் காண்கிறது. அவருக்கு முன்னும் புத்தர்கள் இருந்தனர், பின்னர் மெத்தேயர் வருவார் என்றாலும், ஒரு காலத்தில் ஒரு புத்தரே உலகில் தோன்றுவார். மகாயானம் தரும காயம், சம்போக காயம், நிருமாண காயம் என்ற மூவுடல் கோட்பாட்டை வகுத்தது. கபிலவஸ்துவின் இளவரசராகத் தோன்றியது நிருமாண காயம். அதற்கு அடிப்படையான மெய்ம்மையே தரும காயம். எண்ணற்ற புத்தர்கள் இப்போதும் பல உலகங்களில் உள்ளனர் என்பதால், அமிதாபரின் சுகாவதியில் பிறக்க வேண்டி அவர் பெயரை ஓதும் பக்தி நெறி மகாயானத்தில் செழித்தது. அவலோகிதேசுவரர், மஞ்சுசிறீ போன்ற போதிசத்துவர்களும் அருள் வேண்டி வணங்கப்படுகின்றனர்.

தத்துவம்

நிலையான ஆன்மா இல்லை என்பது இரு மரபுகளுக்கும் உடன்பாடு. தேரவாத அபிதம்மம், மனிதரை மனக்கூறுகளாகவும் பொருட்கூறுகளாகவும் பகுத்து, அவற்றுக்குள் "நான்" எதுவுமில்லை என்று காட்டுகிறது. மகாயானம் ஒரு படி மேலே சென்று, அந்தக் கூறுகளுக்கும் சொந்த இயல்பு இல்லை என்கிறது, இதுவே சூனியதை. எதுவுமே இல்லை என்பது இதன் பொருளன்று. எல்லாம் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுவதால் எதற்கும் தனித்து நிற்கும் இயல்பில்லை என்பதே பொருள். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் நாகார்ச்சுனர் மூலமத்தியமக காரிகையில் இதை நிறுவி, சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் இடையே சிறிதளவு வேறுபாடும் இல்லை என்று கூறுமளவுக்குச் சென்றார். அவர் வழி மத்தியமகம் ஆயிற்று. அனுபவத்தை மனத்தின் வழியாக ஆராயும் அசங்கர், வசுபந்து ஆகியோரின் வழி யோகாசாரம் எனப்படுகிறது. தேரவாதத்தில் இவர்களுக்கு இணையாகக் குறிப்பிடத்தக்கவர், ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர்.

நூல்களும் சங்க வாழ்வும்

தேரவாதத்தின் திருநூல் பாலித் திரிபிடகம்: விநயம், சுத்தம், அபிதம்மம். பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் இலங்கையின் அலுவிகாரையில் இது எழுத்தில் பதிக்கப்பட்டதாக மரபு கூறுகிறது. மகாயானத்தார் முந்தைய நூல்களைத் தள்ளிவிடவில்லை. அவற்றோடு பிரஞ்ஞாபாரமிதை, தாமரைச் சூத்திரம், விமலகீர்த்தி நிர்தேசம் முதலியவற்றையும் புத்தர் வாக்காகக் கொண்டனர். விமலகீர்த்தி இல்லறத்தார் என்பதும், அவருடைய ஞானத்தின் முன் பெருஞ்சீடர்களே தயங்குகின்றனர் என்பதும், மகாயானத்தில் இல்லறத்தாருக்குக் கிடைத்த இடத்தை உணர்த்தும்.

துறவு ஒழுக்கத்தில் வேறுபாடு குறைவு. தேரவாதப் பிக்குகளுக்கு 227 விதிகள். சீனா, கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் பின்பற்றப்படும் தருமகுப்தக விநயத்தில் 250 விதிகள்.

சுருக்க அட்டவணை

| கூறு | தேரவாதம் | மகாயானம் |
|---|---|---|
| பெயரின் பொருள் | மூத்தோர் வழி | பெரிய ஊர்தி |
| தோற்றம் | ஸ்தவிரவாத மரபின் வழி | பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டையொட்டிப் பல பிரிவுகளினூடே |
| இலட்சியம் | அரகந்தர் | போதிசத்துவர் |
| இறுதிக் குறிக்கோள் | நிர்வாணம் | அனைத்துயிர் விடுதலைக்காகப் புத்தநிலை |
| பாரமிதைகள் | பத்து | ஆறு. பின்னர் பத்தாகவும் விரிந்தன |
| படிநிலைகள் | நான்கு | பத்துப் பூமிகள் |
| புத்தர் | மனிதராய்ப் பிறந்த ஆசான் | மூவுடல் கொண்டவர். எண்ணற்ற புத்தர்கள் |
| போதிசத்துவர்கள் | கௌதமரின் முற்பிறவிகள், மெத்தேயர் | அவலோகிதேசுவரர், மஞ்சுசிறீ, மைத்திரேயர் முதலிய பலர் |
| தத்துவ அழுத்தம் | அனான்மம், அபிதம்மப் பகுப்பாய்வு | சூனியதை, யோகாசாரம் |
| நூல்கள் | பாலித் திரிபிடகம் | முந்தைய நூல்களுடன் மகாயான சூத்திரங்கள் |
| மொழி | பாலி | சமஸ்கிருதம். சீன, திபெத்திய மொழிபெயர்ப்புகள் |
| அறிஞர்கள் | புத்தகோசர் | நாகார்ச்சுனர், அசங்கர், வசுபந்து |
| பரவிய நாடுகள் | இலங்கை, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா | சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம், திபெத், மங்கோலியா |

அட்டவணையைப் பயன்படுத்தும்போது

"ஈனயானம்" என்பது மகாயானத்தார் பிறருக்குச் சூட்டிய இழிவுப் பெயர். முந்தைய பல பிரிவுகளைச் சேர்த்துக் குறிப்பதால் தேரவாதத்துக்கு அது சரியான மறுபெயரும் அன்று. வினாவில் அச்சொல் வந்தால் மட்டும் எடுத்தாளுங்கள்.

உருவ வழிபாடு அட்டவணையில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. தொடக்ககாலச் சிற்பங்களில் புத்தர் தருமச் சக்கரம், போதிமரம், திருவடி போன்ற குறியீடுகளாலேயே காட்டப்பட்டார். பின்னர் காந்தாரத்திலும் மதுராவிலும் அவருடைய உருவங்கள் தோன்றின. இது காலத்தைப் பொறுத்த மாற்றம். அநுராதபுரத்தின் சமாதி புத்தர் சிலையும் தாய்லாந்துக் கோயில்களின் புத்தர் உருவங்களும் தேரவாத நாடுகளில் உள்ளவையே.

நாடுகளின் பட்டியல் இன்றைய நிலையைக் குறிக்கும். அநுராதபுரத்திலேயே அபயகிரி விகாரை பல நூற்றாண்டுகள் மகாயானக் கருத்துகளுக்கு இடமளித்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை மகாவிகாரை மரபின்கீழ் ஒன்றிணைத்தார். திபெத்திலும் மங்கோலியாவிலும் வழங்குவது வஜ்ரயானம். அது மகாயான அடித்தளத்தின்மீது தந்திர நெறிகளைச் சேர்த்துக்கொண்டது என்பதால், மூன்றாம் பிரிவாகத் தனித்துக் கேட்கப்பட்டாலன்றி மகாயானத்தின் கீழேயே எழுதலாம்.