செலாவணி வீதத்தின் திசையைக் கண்டறிதல்: வாங்கும் சக்தி சமநிலை, வட்டி வீதச் சமநிலை குறித்த பயிற்சி வினாக்களும் விடை விளக்கமும்

பன்னாட்டு நிதி மேலாண்மைத் தாளுக்கான மீள்பார்வைத் தொகுப்பு இது. இதில் உள்ள நாணயங்கள் உண்மையானவை. வீதங்கள் அனைத்தும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் மிகுதியாகக் காணும் பிழை கணக்கீட்டில் நேர்வதில்லை. சூத்திரத்தைச் சரியாக எழுதி, நான்கு தசம இடம் வரை துல்லியமாகக் கணக்கிட்ட மாணவர், இறுதி வரியில் எந்த நாணயம் வலுவடைந்தது என்பதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு வினாவிலும், எண்ணைத் தொடுவதற்கு முன்பே திசையை ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். அந்த வாக்கியத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு.

"ஒரு டாலருக்கு 20 பெசோ" என்னும்போது டாலர் ஒரு பொருளைப் போல நிற்கிறது, பெசோ அதன் விலையாக நிற்கிறது. முதலாவதை அடிப்படை நாணயம் என்றும் இரண்டாவதை விலை நாணயம் என்றும் அழைப்போம். எண் உயர்ந்தால் அடிப்படை நாணயம் வலுவடைந்தது. விலை நாணயம் நலிந்தது. இரு சமநிலைகளிலும் விலை நாணயத்துக்குரிய வீதமே மேலே வரும்:

```
S1 = S0 × (1 + π_விலை) / (1 + π_அடிப்படை)
F  = S0 × (1 + i_விலை) / (1 + i_அடிப்படை)
```

"உள்நாடு", "வெளிநாடு" என்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன். வினாவில் வரும் நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது விடையை மாற்றாது. வீதம் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதே மாற்றும்.

வினா 1. ஒரு டாலர் 20.00 மெக்சிகோ பெசோ. வரும் ஆண்டில் மெக்சிகோவில் 8 சதவீதமும் அமெரிக்காவில் 3 சதவீதமும் பணவீக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. ஒப்பீட்டு வாங்கும் சக்தி சமநிலைப்படி ஓராண்டு கழித்து வீதம் என்ன? பெசோ எத்தனை சதவீதம் மதிப்பிழக்கும்?

விடை: பெசோவின் வாங்கும் சக்தி டாலரைவிட விரைவாகக் கரைவதால் பெசோ நலியும், எனவே எண் உயர வேண்டும். 20 × 1.08 / 1.03 = 20.97 பெசோ. இரண்டாம் பகுதியில்தான் பலர் தடுமாறுகின்றனர். 20 இலிருந்து 20.97 என்பது 4.85 சதவீத உயர்வு. ஆனால் அது டாலரின் ஏற்றம். பெசோவின் இறக்கத்தை அறியப் பின்னத்தைத் திருப்ப வேண்டும்: 1.03 / 1.08 – 1 = –4.63 சதவீதம். பணவீக்க வேறுபாடான 5 சதவீதம் இரண்டுக்கும் ஒரு தோராயம் மட்டுமே. வினா "தோராயமாக" என்று கேட்காதவரை அதை விடையாக எழுத வேண்டாம்.

வினா 2. ஒரு பவுண்டு 1.2500 டாலர். பிரிட்டனில் 6 சதவீதம், அமெரிக்காவில் 2 சதவீதம் பணவீக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. லண்டனில் உள்ள இறக்குமதியாளர் ஒருவர், "எங்கள் நாட்டில் பணவீக்கம் அதிகம், ஆகவே வீதம் 1.25-க்கு மேல் போகும்" என்கிறார். அவர் கூற்றை ஆராய்க.

விடை: பவுண்டு நலியும் என்று அவர் உணர்ந்திருந்தால் அது சரி, எண் உயரும் என்பது தவறு. இங்கே பவுண்டு அடிப்படை நாணயம். அது நலிந்தால் அதற்குக் கிடைக்கும் டாலர் குறையும்: 1.25 × 1.02 / 1.06 = 1.2028. முதல் வினாவில் பணவீக்கம் மிகுந்த நாணயம் விலையாக நின்றதால் எண் ஏறியது. இங்கே அது பொருளாக நிற்பதால் எண் இறங்குகிறது. இரண்டிலும் நடந்தது ஒன்றே.

வினா 3. ஒரு யூரோ 1.1000 டாலர். ஆறு மாத வட்டி, ஆண்டு வீதத்தில், டாலருக்கு 5 சதவீதம், யூரோவுக்கு 3 சதவீதம். ஆறு மாத முன்பேர வீதம் என்ன? யூரோ பிரீமியத்தில் உள்ளதா, டிஸ்கவுண்டில் உள்ளதா?

விடை: வட்டி குறைந்த நாணயம் முன்பேரத்தில் பிரீமியத்தில் இருக்கும்; எனவே யூரோ பிரீமியத்தில் உள்ளது. ஆண்டு வீதத்தைப் பாதியாக்கி 1.10 × 1.025 / 1.015 = 1.1108 டாலர். பாதியாக்க மறந்தவருக்கு 1.1214 கிடைக்கும், திசை சரியாக இருப்பதால் அந்தப் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும்.

வினா 4. ஒரு டாலர் 0.9000 சுவிஸ் பிராங்க். ஓராண்டு முன்பேர வீதம் 0.8700. டாலர் வட்டி 4.5 சதவீதம் எனில் பிராங்கின் வட்டி என்ன?

விடை: முன்பேரத்தில் டாலர் மலிவாக இருப்பதால் பிராங்கின் வட்டி டாலரின் வட்டியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1.045 × 0.87 / 0.90 = 1.0102, அதாவது ஏறத்தாழ 1.02 சதவீதம்.

வினா 5. ஒரு டாலர் 150 யென். ஓராண்டு வட்டி யெனுக்கு 0.5 சதவீதம், டாலருக்கு 5 சதவீதம். வங்கி ஒன்று ஓராண்டு முன்பேர வீதமாக 146 யென் தருகிறது. இடர் இல்லாத இலாபத்துக்கு எந்த நாணயத்தில் கடன் பெற வேண்டும்? 15 கோடி யென் அளவுக்குக் கணக்கிட்டுக் காட்டுக. பரிமாற்றச் செலவு இல்லை எனக் கொள்க.

விடை: சமநிலை முன்பேர வீதம் 150 × 1.005 / 1.05 = 143.57 யென். வங்கியோ 146 தருகிறது; எனவே முன்பேரச் சந்தையில் டாலர் இருக்க வேண்டியதைவிட விலை கூடி நிற்கிறது. விலை கூடியதை விற்க வேண்டும். ஓராண்டு கழித்து விற்க டாலர் கையில் இருக்க வேண்டுமானால் இன்றே டாலரில் முதலீடு செய்ய வேண்டும். அதற்கான கடன் யெனில் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியைப் பின்னிருந்து முன்னாகக் கட்டுவதே பாதுகாப்பானது. "குறைந்த வட்டியில் கடன் வாங்கு, கூடிய வட்டியில் போடு" என்று மனப்பாடம் செய்தவருக்கும் இங்கே சரியான விடை வந்துவிடும். ஆனால் வங்கி 146-க்குப் பதில் 141 தந்திருந்தால் அவர் டாலரில் போட்டு நட்டப்பட்டிருப்பார், ஏனெனில் அப்போது கடன் டாலரிலும் முதலீடு யெனிலும் இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி நடக்கும். 15 கோடி யென் கடன் பெற்று, உடனடிச் சந்தையில் 10 லட்சம் டாலராக மாற்றி, 5 சதவீதத்துக்கு முதலீடு செய்து, அதே நாளில் 10.5 லட்சம் டாலரை 146 வீதத்தில் விற்க முன்பேர ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஓராண்டு முடிவில் 15.33 கோடி யென் கிடைக்கும். வட்டியுடன் திருப்பித் தர வேண்டியது 15.075 கோடி. மீதம் 25.5 லட்சம் யென். பலரும் இதையே செய்தால் முன்பேரத்தில் டாலர் விற்பனை பெருகி, 146 என்பது 143.57 நோக்கி இறங்கும். 2008 நெருக்கடிக்குப் பிறகு, பெரிய நாணயங்களிடையிலும் இந்தச் சமநிலையிலிருந்து விலகல் நீடித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். வங்கிகளின் மூலதனக் கட்டுப்பாடுகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். தேர்வில் "இடைவெளி ஏன் மூடவில்லை?" என்ற துணைவினா வந்தால் அதை நினைவில் கொள்க.

வினா 6. ஒரு நாட்டின் ஓராண்டு வட்டி 4 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்கிறது. அமெரிக்க வட்டி 4 சதவீதத்திலேயே இருக்கிறது. உயர்வுக்கு முன் ஒரு டாலர் அந்நாட்டு நாணயத்தில் 10.00. (அ) எதிர்பார்க்கப்படும் பணவீக்கம் 3 புள்ளி கூடியதால் வட்டி உயர்ந்தது எனில், (ஆ) பணவீக்க எதிர்பார்ப்பு மாறாமல் மத்திய வங்கி பணக்கொள்கையை இறுக்கியதால் உயர்ந்தது எனில், நாணயம் எத்திசையில் நகரும்?

விடை: தொகுப்பில் இதுவே மிக முக்கியமான வினா. "வட்டி கூடினால் நாணயம் வலுவடையும்" என்று செய்திகளில் கேட்கிறோம். "வட்டி கூடிய நாணயம் நலியும்" என்று பாடத்தில் படிக்கிறோம். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றுவதால் மாணவர்கள் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கின்றனர்.

(அ) பகுதியில் பெயரளவு வட்டி மட்டுமே உயர்ந்தது. ஃபிஷர் விளைவின்படி கூடுதல் 3 புள்ளியும் பணவீக்கத்துக்கான ஈடு; உண்மை வட்டி ஏறத்தாழ மாறவில்லை. எனவே வெளிநாட்டு மூலதனத்தை ஈர்க்க எதுவும் இல்லை. வாங்கும் சக்தி சமநிலையும் வட்டி வீதச் சமநிலையும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: நாணயம் நலியும், ஒரு டாலரின் விலை 10-க்கு மேல் ஏறும்.

(ஆ) பகுதியில் உண்மை வட்டியே உயர்ந்துள்ளது. ஓராண்டு கழித்து எதிர்பார்க்கப்படும் வீதம் 10.00 என்பதில் மாற்றமில்லை எனக் கொள்வோம். மூடப்படாத வட்டி வீதச் சமநிலையில் இம்முறை தெரியாதது எதிர்கால வீதம் அன்று, இன்றைய வீதம்: 10 × 1.04 / 1.07 = 9.72. ஆக, அறிவிப்பு வந்தவுடன் வீதம் 10.00 இலிருந்து 9.72-க்கு இறங்கி நாணயம் வலுவடைகிறது. பின்னர் ஓராண்டில் 9.72 இலிருந்து 10.00-க்கு ஏறி நலிகிறது. செய்தி சொல்வது அந்த முதல் தாவலை. பாடம் சொல்வது அதன் பின்வரும் நகர்வை. வினாவில் "உடனடியாக" என்றிருக்கிறதா, "வரும் ஆண்டில்" என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

வினா 7. ஒரு டாலர் 50 பிலிப்பைன்ஸ் பெசோவாக இருந்தது. ஓராண்டில் 51 ஆனது. அவ்வாண்டில் பிலிப்பைன்ஸில் 10 சதவீதம், அமெரிக்காவில் 4 சதவீதம் பணவீக்கம். பெசோ நலிந்துவிட்டதால் தன் ஏற்றுமதிக்கு நன்மை என்று மணிலா நிறுவனம் ஒன்று கருதுகிறது. சரியா?

விடை: சரியன்று. சமநிலை காக்கப்பட வீதம் 50 × 1.10 / 1.04 = 52.88 ஆகியிருக்க வேண்டும். 51 வரை மட்டுமே சென்றது. உண்மைச் செலாவணி வீதம் 51 × 1.04 / 1.10 = 48.22. பெயரளவில் பெசோ 2 சதவீதம் அளவுக்கு நலிந்தாலும், உண்மை மதிப்பில் அமெரிக்கப் பொருள்கள் 3.6 சதவீதம் மலிந்து, பெசோ வலுவடைந்துள்ளது. நிறுவனத்தின் செலவுகள் உள்நாட்டுப் பணவீக்கத்தின் அளவுக்கு உயர்ந்திருந்தால், ஒரு டாலர் விற்பனைக்குக் கிடைக்கும் கூடுதல் ஒரு பெசோ அந்த உயர்வை ஈடுகட்டாது. அதன் போட்டித்திறன் குறைந்தே இருக்கிறது.