இரண்டாம் மாடிச் சுவருக்கு பிளாக் மாற்றம்: உங்கள் சம்மதம் வேண்டும்

11.6.2025, ஹொரமாவு 30க்கு 40 சைட்

சார், மேடம், வணக்கம். இரண்டாம் மாடிச் சுவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது 6 இன்ச் சாலிட் கான்கிரீட் பிளாக். அதற்குப் பதிலாக அதே 6 இன்ச் கனத்தில் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல், வைக்கலாமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சரி என்று எழுதித் தரும்வரை ஒரு கல்லும் வைக்க மாட்டேன்.

கீழ் இரண்டு தளங்களுக்கு வந்த பிளாக் நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை அதே யார்டிலிருந்து வந்த லோடில் ஓரங்கள் கையால் தேய்த்தாலே உதிர்ந்தன, மேஸ்திரி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்த நாலில் மூன்று உடைந்தன. சரியாக க்யூரிங் ஆகாமலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லில் சுவர் கட்டினால் அது காயக்காயச் சுருங்கி, பூச்சில் விரிசல் விடும், அதனால் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேறு யார்டுகளில் விசாரித்தேன், நல்ல கல் வேண்டுமென்றால் மூன்று வாரம் ஆகுமாம்.

கணக்கு இதுதான். சுவர் 1,120 சதுர அடி. சாலிட் பிளாக் 1,250 கல், ஒன்று ரூ. 42 வீதம் ரூ. 52,500. ஏஏசி பெரிய கல் என்பதால் 880 போதும், ரூ. 78 வீதம் ரூ. 68,640. கல்லில் மட்டும் ரூ. 16,140 கூடுகிறது. ஆனால் சிமென்ட், எம்-சாண்ட் கலவைக்கு ரூ. 9,800 ஆகியிருக்கும், ஏஏசிக்கான பசைக்கு ரூ. 7,200தான், அதில் ரூ. 2,600 மிச்சம். ஆக நீங்கள் கூடுதலாகத் தரவேண்டியது ரூ. 13,540. வரி, வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் இதில் அடக்கம், கட்டுகூலி மாறாது. தூணும் பீமும் சுவரைத் தொடும் இடத்தில் ஃபைபர் மெஷ் ஒட்டியே பூசவேண்டும், இல்லாவிட்டால் அங்கே கோடு விழும். அந்த ரூ. 4,500 என் பொறுப்பு, யார்டைத் தேர்ந்தெடுத்தது நான்தானே.

எடை குறைந்தால் பலமும் குறையுமோ என்று மேடம் கேட்பீர்கள். இந்த வீட்டின் பாரத்தைத் தாங்குவது தூணும் பீமும், சுவர் இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். ஏஏசியின் எடை சாலிட் பிளாக்கில் பாதிகூட இல்லை, அது கட்டடத்துக்கு நல்லது. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் போனில் கேட்டுவிட்டேன், கல் இறங்கும் முன் அவரிடமிருந்து கடிதமும் வாங்கித் தருகிறேன். ஒரே ஒரு விஷயம், அலமாரி மாதிரி கனமான பொருளை மாட்ட சாதாரண ஆணி பிடிக்காது, அதற்கென்று வரும் ஆங்கர்தான் போடவேண்டும். ஏஏசி தண்ணீரை இழுக்கும் என்பதால் பாத்ரூம் சுவரையும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் மாற்றவில்லை, அவை சாலிட் பிளாக்கிலேயே வரும், இந்த 1,120 அடியிலும் சேரவில்லை.

மாதிரிக்கு இரண்டு ஏஏசி கல் சைட்டில் இருக்கிறது, வந்து தூக்கிப் பாருங்கள். சம்மதம் என்றால் 14.6.2025 சனிக்கிழமை மாலைக்குள் "ஏஏசி பிளாக்குக்கும் கூடுதல் ரூ. 13,540க்கும் சம்மதம்" என்று இருவரும் பதில் அனுப்புங்கள், செவ்வாய்க்கிழமை கல் இறங்கும். பழையபடி சாலிட் பிளாக்தான் வேண்டும் என்றாலும் சரி, பணம் கூடாது, வேலை மட்டும் மூன்று வாரம் தள்ளும், அதுவரை ஆட்களைக் கீழ்த்தளப் பூச்சில் இறக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சைட் கான்ட்ராக்டர்