பொருள்: தகுதிகாண் காலத்தில் பணியிலிருந்து விலகுதல், நோட்டீஸ் நாட்கள் குறித்த விளக்கம்

பெறுநர்: கொள்முதல் கணக்குப் பிரிவு மேலாளர்
நகல்: மனிதவளப் பிரிவு
நாள்: 18 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொள்முதல் கணக்குப் பிரிவில் இளநிலைக் கணக்கர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன். இந்த மின்னஞ்சலையே என் விலகல் கடிதமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். காலையில் நேரில் சொன்னதுதான், எழுத்திலும் இருக்கட்டும் என்று அனுப்புகிறேன்.

இங்கே சேர்வதற்கு முன்பே ஒரு தணிக்கை அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த இடம் இப்போது கிடைத்திருக்கிறது. தணிக்கைதான் நான் நெடுநாளாகப் போக நினைத்த துறை. மார்ச் 10-ஆம் தேதி சேர்ந்த எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் செப்டம்பர் 9-ஆம் தேதி முடிகிறது. பணி உறுதி ஆணையை வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே விலகுவது உங்களுக்கும் பிரிவுக்கும் நியாயமாக இருக்காது. அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

நோட்டீஸ் விஷயத்தில் மட்டும் ஒரு தெளிவு வேண்டும். என் நியமன ஆணையின் 7-ஆம் பிரிவில், தகுதிகாண் காலத்தில் இரு தரப்பில் யார் பணியை முடித்துக்கொண்டாலும் 15 நாள் நோட்டீஸ் போதும் என்று இருக்கிறது. 60 நாள் என்பது 11-ஆம் பிரிவில், பணி உறுதியான ஊழியர்களுக்கு என்று தனியாக வருகிறது. ஆனால் ஊழியர் தளத்தில் என் பக்கத்தைத் திறந்தால் நோட்டீஸ் காலம் 60 நாள் என்றே காட்டுகிறது. எல்லோருக்கும் பொதுவாகப் பதிவேற்றியதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நான் புரிந்துகொண்டபடி ஆணையில் உள்ள 15 நாள்தான் எனக்குப் பொருந்தும். இது சரிதானா என்று மனிதவளப் பிரிவு எழுத்தில் உறுதிப்படுத்தினால் பெரிய உதவியாக இருக்கும்.

15 நாள் என்றால் நாளை முதல் எண்ணி, என் கடைசி வேலை நாள் செப்டம்பர் 2. அவை வேலை நாட்கள் மட்டும் என்றால், இடையில் விடுமுறை இல்லாதபட்சத்தில், செப்டம்பர் 8 ஆகும். ஆணையில் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. எப்படி எண்ணினாலும் எனக்குச் சம்மதம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு: விலகல் கடிதம் கையில் இருக்கும்போது, வழக்கமான நடைமுறையில் பணி உறுதி ஆணை தானாக வெளியாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் எந்தப் பிரிவு பொருந்தும் என்ற குழப்பம் மறுபடியும் எழும்.

ஒருவேளை 60 நாள்தான் என்று முடிவானால், அக்டோபர் 17 வரை ஆகும். புதிய இடத்தில் செப்டம்பர் 15 சேரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பதில் வராமல் அந்தத் தேதியை நான் உறுதி செய்யப்போவதில்லை. அப்படி நேர்ந்தால், மீதமுள்ள விடுப்பைக் கழித்துக்கொண்டோ, குறையும் நாட்களுக்கான அடிப்படைச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டோ முன்னதாக விடுவிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். 12-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. நிர்வாகத்தின் சம்மதத்தோடு என்றும் அதிலேயே எழுதியிருப்பதால், இதை உரிமையாக இல்லாமல் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

வேலையை ஒப்படைப்பது பற்றி: ஜூலை மாதச் சப்ளையர் கணக்குகள் சரிபார்த்து முடிந்துவிட்டன. ஆகஸ்டில் மூன்று பில்கள் நிலுவையில் இருக்கின்றன. இரண்டில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூன்றாவதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அட்டைப் பெட்டி சப்ளையர் 240 பெட்டிக்குப் பில் போட்டிருக்கிறார், நம் சரக்கு வரவுச் சீட்டில் 236 தான் இருக்கிறது. நான்கு பெட்டிக்குக் கிரெடிட் நோட் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அது வரும்வரை அந்தப் பில்லுக்குப் பணம் விட வேண்டாம். நான் போன பிறகு அதைக் கையில் எடுப்பவர் முழுத் தொகையையும் விடுவித்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கும் எழுதுகிறேன். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால், இந்த வாரமே உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கடைசி நாளன்று கொடுத்துவிடுவேன். விடுவிப்புக் கடிதம், பணிபுரிந்த காலத்துக்கான சான்று, இறுதிக் கணக்கு ஆகியவை எப்போது கிடைக்கும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பில்லையும் ஆர்டரையும் வரவுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். மாதக் கடைசி நெருக்கடியிலும் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னீர்கள். நான் போகும் வேலைக்கு அதுதான் என் கையிருப்பு. மனமார்ந்த நன்றி, ஐயா.

நோட்டீஸ் குறித்த பதிலை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், அதற்கேற்ப ஒப்படைப்பைத் திட்டமிட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனா
இளநிலைக் கணக்கர், கொள்முதல் கணக்குப் பிரிவு

இணைப்பு: நியமன ஆணையின் 7, 11, 12-ஆம் பிரிவுகள் உள்ள பக்கங்கள்