தம்பிக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் சிட்டை: 600 ரூபாய்

தம்பி,

போன மாசம் சம்பளத்துக்கு நாலு நாள் முன்னால் நீ கடன் வாங்கியதை அம்மா சொன்னாள். திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். காலையில் கடையில் 40, மத்தியானச் சாப்பாடு 80, ராத்திரி 60 என்றால் ஒரு நாளைக்கு 180. வாரத்துக்கு 1260. நீ வாங்குகிற சம்பளத்துக்கு இது தாங்காது. வாரம் 600 ரூபாய்க்குள் வயிறு நிறையச் சாப்பிடுகிற மாதிரி, வருகிற ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஒரு வாரத்துக்கு எழுதியிருக்கிறேன். இதை அடுப்புப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவை.

முதலில் ஒன்று. தனி ஆளுக்குச் சமைப்பதில் விலையைவிடக் கெட்டுப்போவதுதான் பெரிய செலவு. அரைத் தேங்காயாகவோ ஒரு ஆள் மாவாகவோ யாரும் நமக்கென்று அளந்து தரமாட்டார்கள். உன் அறையில் ஃப்ரிட்ஜும் கிடையாது, பாளையங்கோட்டை வெயில் உனக்கே தெரியும். சமாதானபுரத்தில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த ரெண்டு வருஷத்தில், மலிவு என்று வாங்கிய தக்காளியில் பாதியைத் தெருவில் கொட்டியிருக்கிறேன். அதனால் இந்தச் சிட்டையைத் தேங்காயை வைத்துத்தான் போட்டிருக்கிறேன். ஞாயிறு ஒன்று, செவ்வாய் ஒன்று. உடைத்த தேங்காய் எந்தெந்த வேளைக்குப் போகிறது என்பதை மட்டும் மாற்றாதே. மற்றதை உன் இஷ்டப்படி மாற்றிக்கொள்.

வீட்டில் இருந்து வருவது: ரேஷன் புழுங்கலரிசி 8 கிலோ மாசத்துக்கு. ஒரு நாளைக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உனக்குப் போதும். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்பதால் அதிலும் பாதிப் பாதி அம்மா தந்துவிடுவாள். கூடவே புளி, மிளகாய் வத்தல், பூண்டு, இட்லிப் பொடி, கருப்பட்டி. செங்கோட்டை ரயிலில் அப்பா வரும்போது பையை வாங்கிக்கொள். இதையெல்லாம் 600-ல் சேர்க்கவில்லை.

ஞாயிறு காலை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போ. சின்னத் தேங்காய் ரெண்டு 50, சின்ன உள்ளி கால் கிலோ 15, பல்லாரி அரை கிலோ 15, தக்காளி அரை கிலோ 15, உருளைக்கிழங்கு கால் கிலோ 10, கத்தரிக்காய் கால் கிலோ 12, வாழைக்காய் ஒன்று 8, சீனி அவரைக்காய் கால் கிலோ 10. சொதிக்கு கேரட், பீன்ஸ், ஒரு முருங்கைக்காய் சேர்த்து 30. எலுமிச்சை ரெண்டு 10. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை 15. காய் 190. முருங்கைக்கீரையைச் சந்தையில் வாங்காதே. அதற்குத் தனியாக 10 ரூபாய் எடுத்து வை, திங்கள் சாயங்காலம் வேண்டும். ஆக 200.

பலசரக்கு: பாசிப்பருப்பு 200 கிராம் 25, தொலி உளுந்து 200 கிராம் 25, காணம் 200 கிராம் 20, கறுப்பு எள்ளு 50 கிராம் 15, நல்லெண்ணெய் 100 மில்லி 40, ரவை கால் கிலோ 15, முட்டை ஆறு 40. ஆக 180.

அப்புறம் அரை லிட்டர் பால் மூன்று நாளைக்கு 60, தோசை மாவு ஒரு பாக்கெட் 40, புதன்கிழமை சாளை மீன் கால் கிலோ 40, நாட்டு வாழைப்பழம் நாலு 20. ஆக 160. எல்லாம் சேர்த்து 540. மிச்சம் 60 உன் கையில் இருக்கட்டும், சனிக்கிழமையில் சொல்கிறேன். விலை ரெண்டு ரூபாய் ஏறினால் கத்தரிக்காயைக் குறை, பருப்பைக் குறைக்காதே.

ஞாயிறு

காலையில் தோசையும் இட்லிப் பொடியும். மத்தியானம் சொதி. ஒரு தேங்காய் முழுசாகப் போகிறதே என்று நினைக்காதே, வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கவேண்டும். மிக்ஸியில் அரைத்து முதல் பாலைத் தனியாக எடுத்து வை. அப்புறம் தண்ணீர் விட்டு ரெண்டாம் பால், மூன்றாம் பால். ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பை வேகவை. காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, உள்ளி, கீறிய பச்சை மிளகாய், பருப்பு, ரெண்டாம் பால் எல்லாம் சேர்த்து ஒரு கொதி. இஞ்சியைத் தட்டிச் சாறாக ஊற்று. தீயைக் குறைத்து முதல் பாலை விடு. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு, தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். அரை எலுமிச்சையை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். உருளைக்கிழங்கில் பாதியைப் பொரித்து வெஞ்சனமாக வைத்துக்கொள், மீதி வியாழனுக்கு.

சொதி மறுநாளைக்கு நிற்காது. ராத்திரி தோசைக்கு ஊற்றி முடித்துவிடு.

பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் கொட்டாதே. சாயங்காலமே இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் ஈரம் போக வறுத்து எடுத்து வை. கையில் அள்ளினால் மணல் மாதிரி உதிர வேண்டும். அது திங்கட்கிழமைக்கு. படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் அரிசி பொங்கித் தண்ணீர் ஊற்றி வை. பாலில் பாதியைத் தயிருக்கு உறை ஊற்று.

திங்கள்

காலையில் பழைய சோறு, தயிரைக் கடைந்த மோர், நாலு உள்ளி. நீத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போ, பதினொரு மணிக்கு வடை கேட்காது. லேசான புளித்த வாசம் சரிதான். சோறு வழுவழுவென்று நூல் விட்டால் மட்டும் சாப்பிடாதே.

மத்தியான டப்பாவுக்குச் சோறு, காணத் துவையல், சீனி அவரைக்காய் பொரியல், அவித்த முட்டை ஒன்று. காணத்தை வாசம் வரும்வரை பொறுமையாக வறு, அவசரப்பட்டால் பச்சை வாசம் போகாது. வத்தல், புளி, பூண்டு, நேற்று வறுத்த சக்கை எல்லாம் சேர்த்துக் கெட்டியாக அரை. 50 கிராம் காணம் ஒரு ஆளுக்குத் தாராளம்.

ராத்திரி மீதி மாவு புளித்திருக்கும். பல்லாரியைப் பொடியாக வெட்டிப் போட்டு ஊத்தப்பமாக முடித்துவிடு. வேலை முடிந்து வரும்போது 10 ரூபாய்க்கு முருங்கைக்கீரை வாங்கி, ஈரமில்லாத துணியில் இறுக்கிக் கட்டி வை. காலையில் உதறினால் இலை தன்னால் உதிரும், உட்கார்ந்து உருவ வேண்டாம்.

செவ்வாய்

ரெண்டாவது தேங்காயை உடை. கண் இருக்கிற மூடி முதலில் கெடும், அதை இன்றைக்கு எடு. அடி மூடியில் லேசாக உப்புத் தடவிக் கவிழ்த்து வை.

இன்றைக்குக் கூட்டாஞ்சோறு. ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, கத்தரிக்காய் பாதி, வாழைக்காய், ரெண்டு கை முருங்கைக்கீரை, கொஞ்சம் புளித்தண்ணீர். தேங்காய், வத்தல், சீரகம், ரெண்டு பல் பூண்டு, மஞ்சள்தூள் அரைத்துவிட்டுக் குக்கரில் குழைய விடு. மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். காலையில் சுடச்சுடச் சாப்பிடு, அதையே டப்பாவிலும் எடுத்துப் போ. ராத்திரிக்கு வைக்காதே, பருப்பும் தேங்காயும் சேர்ந்த சோறு சாயங்காலமே ஊசிப்போகும். ராத்திரிக்கு ரசம், மீதிக் கீரையில் ஒரு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிக்கொள்.

புதன்

காலையில் ரவை உப்புமா, ஒரு பழம். மீன்காரம்மா தெருவுக்கு வரும்போது சாளை கால் கிலோ வாங்கு. நெய்மீனைப் பார்க்காதே. அடி மூடியில் பாதியைத் துருவி, மல்லி, வத்தல், உள்ளியோடு அரைத்துப் புளிக்குழம்பு வை. மத்தியானம் சோறும் குழம்பும், ராத்திரியும் அதுவே. ராத்திரி சூடாக்கும்போது கரண்டி போட்டுக் கிண்டினால் சாளை கரைந்துபோகும், சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்று. பாதிக் குழம்பை நாளைக்கு வை. ராத்திரியே சோற்றுக்குத் தண்ணீர் ஊற்று.

மூடியில் மிச்சம் இருக்கிற தேங்காயை இன்றைக்கே துருவி வறுத்து டப்பாவில் போடு. அது வெள்ளிக்கிழமைக்கு.

வியாழன்

காலையில் பழைய சோறும் நேற்று வைத்த மீன்குழம்பும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல. மத்தியானம் எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை ரெண்டு. ராத்திரி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, தக்காளி, பச்சை மிளகாய் தாளித்துச் சோற்றில் ஊற்றிக்கொள். பால் வாங்க வேண்டிய ரெண்டாவது நாள் இது.

வெள்ளி

காலையில் மீதி ரவை. மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கடையில் காசு கொடுத்தால்கூட இந்தச் சாப்பாடு சுலபமாகக் கிடைக்காது. தொலி உளுந்து அரை டம்ளர் லேசாக வறுத்து, ஒரு டம்ளர் அரிசி, பத்துப் பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம், உப்பு போட்டு மூன்றரை டம்ளர் தண்ணீர். தொலியைக் கழுவிப் போக்கிவிடாதே, ருசியே அதில்தான். எள்ளைப் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, வத்தல், புளி, வறுத்து வைத்த தேங்காயோடு தண்ணீர் குறைவாக அரை. ஆச்சி வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு என்று இதைப் பொங்கிப் போடுவாள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிற உனக்கும் இடுப்புக்கு நல்லது என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். சூடு ஆறினால் இறுகும், டப்பாவில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு எடுத்துப் போ. ராத்திரி ரசஞ்சோறு, வெறும் வயிற்றோடு படுக்காதே.

சனி

கூடையில் கிடக்கிற கத்தரிக்காய், தக்காளி, கடைசி உள்ளி எல்லாவற்றையும் போட்டு ஒரு சாம்பார், ரெண்டு முட்டையில் ஆம்லெட். காலைக்கும் மத்தியானத்துக்கும் அதுதான். மீதிக் காணத்தை ஊறவைத்து அவித்தால் சாயங்காலத்துக்கு ஆச்சு. மூன்றாவது பால், கருப்பட்டிக் காபி. ராத்திரி சமைக்க வேண்டாம். அந்த 60 ரூபாயை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு போய்ப் புரோட்டா சாப்பிட்டு வா. வாரம் முழுக்க அறைக்குள்ளேயே தனியாகத் தின்றுகொண்டு இருந்தால் இந்தச் சிட்டை ஒரு மாசம்கூடத் தாங்காது.

வந்த பிறகு ஒரு வேலை. இந்த வாரம் குப்பையில் என்ன போட்டாய் என்று எனக்கு எழுதி அனுப்பு. அழுகின தக்காளி ரெண்டு, காய்ந்த மல்லித்தழை என்று சின்னதானாலும் விடாதே. அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்துச் சிட்டை போடுவேன்.

அக்கா