கையை எடு

இரவு ஒன்பது மணிக்கு டேப்லெட் நின்று போனது. தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றையறைக் கோலியில், தகரக் கூரை மேல் ஜூலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. செல்லக்கனி மாவில் உப்புப் போட்டுக் கலந்துவிட்டுக் கையைத் துடைத்தபடி திரும்பினாள். திரையில் பாதி வந்த ஒரு வீடியோ அப்படியே உறைந்து கிடந்தது. தொட்டாள், தட்டினாள். முந்தானையால் துடைத்தும் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

விடிகாலை நாலு மணிக்கு ஏழு சைக்கிள்காரர்கள் இட்லிக்கு வருவார்கள். யாருக்கு எத்தனை என்பதைத் தினமும் அதில்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அது போனாலும் பரவாயில்லை, வந்ததும் வாயால் கேட்டுக்கொள்ளலாம். கணக்குதான் போகக் கூடாது. அவளுக்கு எழுத வராது. யார் எவ்வளவு பாக்கி என்பதை வாரா வாரம் தன் குரலிலேயே டேப்பில் பேசிப் பதிந்து வைத்திருந்தாள். இரண்டு வருடக் கணக்கு.

தெருமுனை மொபைல் கடைப் பையனிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முந்நூறு ரூபாய் கொடுத்தால் ரீசெட் போட்டுத் தருவதாக இந்தியில் சொன்னான். ரீசெட் என்றால் என்ன என்று கேட்டாள். எல்லாம் போய்ப் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றான். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்து, பட்டன் போனில் மகனைக் கூப்பிட்டாள்.

ஸ்டுட்கார்ட்டில் அப்போது மாலை ஐந்தரை தாண்டியிருந்தது. முத்துராஜ் வேலை முடிந்து ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, டேப்பு செத்துப் போச்சுலே."

"சாகாதும்மா. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. டேப்பை மடியில வை. மாவு அரைச்சிட்டியா?"

"அரைச்சாச்சு. அதுக்கு என்ன இப்ப?"

"சும்மா கேட்டேன்."

அவளுக்கு மூச்சு வாங்குவது போனிலேயே கேட்டிருக்க வேண்டும். அது அடங்கும் வரை உளுந்து என்ன விலை, கூரை ஒழுகுகிறதா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

"சரி. ஓரத்துல பட்டன் எத்தனைன்னு தடவிப் பாத்துச் சொல்லு."

"ஒண்ணு நீளமா இருக்கு. ஒண்ணு குட்டி."

"நீளமானது சத்தத்துக்கு. மேல் பாதியை அமுக்குனா கூடும், கீழ் பாதியை அமுக்குனா குறையும். குட்டிதான் ஆன் பண்ணுற பட்டன். குட்டியை மட்டும் அமுக்கிப் பிடி. நான் முப்பது எண்ணுதேன். நடுவுல விடாத."

எண்ணினான். அவளுடைய விரல் மாவில் ஊறி வழுக்கியது. பிடி நழுவாமல் இருக்க இன்னொரு கையையும் கொடுத்து இறுக்கியபோது நீளப் பட்டனின் மேல் பாதியும் சேர்ந்து அமுங்கியதை அவள் கவனிக்கவில்லை. திரை கறுத்தது. கம்பெனிப் பெயர் வந்தது. "வந்துட்டுலே!" என்று கத்திக் கையை விட்டாள். மறுபடியும் கறுத்து, மேலே பொடிப் பொடியாக இங்கிலீஷ் வரிகள் வந்து நின்றன. பதறிப்போய் நீளப் பட்டனின் கீழ்ப் பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டாள்.

"என்னம்மோ வரி வரியா வந்து நிக்கி. ஒரு வரி மட்டும் பட்டையா மின்னுது."

"மின்னுத வரியோட மொத எழுத்து என்ன?"

ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும், கூட்டிப் படிக்கத்தான் தெரியாது. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மாஹிம் ஸ்டேஷனில் பார்த்த எழுத்துதான்.

"வெஸ்டர்ன் லைன் டபிள்யூ."

அந்தப் பக்கம் ஒரு ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜெர்மன் குரல் ஒன்று ஏதோ அறிவித்தது. கதவு மூடியது, ரயில் போனது. அதற்குப் பிறகுதான் அவன் பேசினான். முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"எம்மா. இப்ப ரெண்டு கையையும் எடு. மடியிலயே கெடக்கட்டும். எதையும் தொடாத."

எடுத்தாள். ஏழு வயதில் இவன் கிரைண்டர் பெல்ட்டுக்குள் விழுந்த கரண்டியை எடுக்கக் கையை விட்டபோது, கத்தாமல், ஓடாமல், இதே மாதிரிதான் அவள் சொன்னாள். 'முதல்ல கையை எடு, அப்புறம் யோசி.' கையை எடுத்த பிறகு முதுகில் நாலு வைத்தாள், அது வேறு.

அவன் மனக்கண்ணில் அந்தத் திரை தெரிந்தது. `Wipe data/factory reset`. அதன் மேல் நிற்கும்போது குட்டிப் பட்டனை அமுக்கினால், நிச்சயமா என்று ஒரு தடவை கேட்கும். கேட்பது இங்கிலீஷில். அம்மா இருக்கிற பதற்றத்தில் அதற்கும் எதையாவது அமுக்கித் தொலைப்பாள்.

"குட்டிப் பட்டன் பக்கமே போகாத. நீளப் பட்டன்ல மேல் பாதியை மட்டும் ஒரே ஒரு தடவை தொட்டு விடு. விட்டுட்டியா? இப்ப எந்த எழுத்து மின்னுது?"

"ஏ."

"இன்னொரு தடவை."

"திரும்பவும் ஏ. மாறவே இல்லலே."

"மாறியிருக்கும். அதுவும் ஏ-ல ஆரம்பிக்கிற வரிதான். இன்னொண்ணு."

"ஆரு. ரயில்வே ஆரு."

"அதுக்கு மேல இன்னும் வரி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அதுவும் ஆருதான்."

"அங்க போ. போயிட்டியா? மேல வேற ஒண்ணும் இல்லையே? சரி. இப்பத்தான் குட்டிப் பட்டன். லேசா ஒரு தட்டு."

`Reboot system now` என்ற அந்த வரி மறைந்தது. நீண்ட நேரம் கம்பெனிப் பெயரே நின்றது. இருவரும் பேசவில்லை. மழை மட்டும் பேசியது. கடைசியில் திருச்செந்தூர் கோபுரப் படம் வந்ததும் செல்லக்கனி "முருகா" என்றாள். அவன் இன்னொரு ரயிலையும் விட்டிருந்தான்.

இடம் நிறைந்துவிட்டது என்று டேப்பே அறிவிப்புக் காட்டியது. சின்னச் சின்ன வேலைக்கு எழுதி வைக்கக்கூட இடமில்லாமல் அது திணறியிருக்கிறது. சொந்தக்காரர் குரூப்பில் வந்த குலசேகரப்பட்டினம் தசரா வீடியோ மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தது. காளி வேஷம், குரங்கு வேஷம், அதையே வேறு பக்கமிருந்து எடுத்தது. சாமி வீடியோவை அழிக்கலாமா என்று அவள் தயங்கினாள். அவன் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னான். மூன்றை வைத்துக்கொண்டாள்.

"எம்மா, இன்னைக்கே கணக்கை நான் எழுதி வச்சிக்கிடுதேன். ஒவ்வொண்ணா ஓட விடு."

ஓட விட்டாள். கணேசன் நானூத்தம்பது. சுடலை போன மாசப் பாக்கி தீர்ந்தது. மாரியப்பன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அதனால் கேட்கக் கூடாது. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆபீஸ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். நடுவில் அம்மாவின் குரல் வேறு மாதிரி வந்தது, கொஞ்சம் மரியாதையாக.

'மூத்தவன் கிரைண்டருக்கு அனுப்புனது பதினெட்டாயிரம். எடுத்து வச்சது நாலு. மிச்சம் பதினாலு.'

அவன் பேனா நின்றது.

"எம்மா, அதை அழி."

"நீ எழுதிட்டியா?"

"அது எதுக்கு எழுதணும்? அழின்னு சொல்லுதேன்."

"கணக்கை அழிக்கக் கூடாதுலே" என்றவள், அடுத்ததைத் தொட்டாள்.