பங்குடைமைக் கணக்கு: புதிய பங்காளர் சேர்க்கையும் நன்மதிப்பும் (உயர்தரக் கணக்கீடு, செய்துகாட்டிய வினா)

வினா

குணமும் றஹீமும் சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்தும் பங்காளர்கள். இலாபநட்டத்தை 3:2 என்ற விகிதத்தில் பகிர்கின்றனர். 2023.10.01 அன்று சிவா ரூ. 1,000,000 காசுடன் சேர்ந்தார். அன்று முதல் விகிதம் குணம் 2, றஹீம் 2, சிவா 1.

2023.09.30 இல் மூலதன மீதிகள்: குணம் ரூ. 2,000,000, றஹீம் ரூ. 1,400,000.

சேர்க்கைத் திகதியில் காணி ரூ. 2,500,000 இலிருந்து ரூ. 2,900,000 ஆகவும், ஆலை இயந்திரம் ரூ. 1,200,000 இலிருந்து ரூ. 1,050,000 ஆகவும் மீள்மதிப்பிடப்பட்டன. ரூ. 340,000 கிரயமுள்ள நெல் இருப்பின் தேறிய தேறத்தக்க பெறுமதி ரூ. 310,000. ஐயக்கடன் ஏற்பாடு ரூ. 20,000 புதிதாக வேண்டும்.

நன்மதிப்பு, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தின் இரு மடங்கு. இலாபங்கள்: ரூ. 430,000, ரூ. 480,000, ரூ. 650,000. கடைசி ஆண்டில் பழைய இயந்திரம் விற்ற இலாபம் ரூ. 60,000 அடங்கும். நன்மதிப்பு ஏடுகளில் பேணப்படாது.

2024.03.31 இல் முடிந்த ஆண்டின் இலாபம் ரூ. 900,000. இது சீராக உழைக்கப்பட்டது, மீள்மதிப்பீட்டு விளைவுகள் இதில் இல்லை. மூலதன வட்டி ஆண்டுக்கு 10%. சேர்ந்த நாளிலிருந்து சிவாவுக்கு மாதச் சம்பளம் ரூ. 20,000. சேர்க்கைக்குப் பின்னரான மூலதன மீதிகளையும் ஆண்டின் இலாபப் பகிர்வையும் காண்க.

விடை

ஒழுங்கு: மீள்மதிப்பீடு, நன்மதிப்பு, புதியவரின் காசு, மூலதன மீதி, அதன் பின்னரே இலாபப் பகிர்வு. இரண்டாம் அரையாண்டின் வட்டி புதிய மூலதன மீதியில் தங்கியுள்ளதால் பகிர்வை முதலில் தொட்டால் திரும்ப அழிக்க நேரிடும்.

மீள்மதிப்பீடு. 400,000 − 150,000 − 30,000 − 20,000 = ரூ. 200,000 இலாபம். சிவா வருவதற்கு முன் உண்டான மாற்றம் என்பதால் பழைய விகிதம்: குணம் 120,000, றஹீம் 80,000. புதிய விகிதத்தில் பகிர்ந்தால் சிவாவுக்கு உரிமையில்லாத 40,000 போய்விடும்.

நன்மதிப்பு. மாணவர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இயந்திரம் விற்ற இலாபம் மீண்டும் வராது, ஆகவே அதை நீக்குக: 430,000 + 480,000 + 590,000 = 1,500,000. சராசரி 500,000, நன்மதிப்பு ரூ. 1,000,000. அதை நீக்காவிட்டால் 1,040,000 வரும், பின்வரும் எல்லாத் தொகையும் பிழைக்கும்.

பழைய விகிதத்தில் மூலதனக் கணக்குகளைச் செலவு வைக்க: குணம் 600,000, றஹீம் 400,000. புதிய விகிதத்தில் வரவு வைக்க: குணம் 400,000, றஹீம் 400,000, சிவா 200,000. தேறிய விளைவு குணம் +200,000, றஹீம் 0, சிவா −200,000.

றஹீமுக்கு ஒன்றுமில்லை என்றதும் பலர் பதறி, சிவாவின் 200,000 ஐ 3:2 இல் பிரித்துவிடுகின்றனர். அது தவறு. றஹீமின் பங்கு முன்பும் 2/5, இப்போதும் 2/5. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 3/5 இலிருந்து 2/5 க்கு இறங்கியவர் குணம் மட்டுமே, ஈடும் அவருக்கே. நன்மதிப்புக் கணக்கு திறக்காமல் இருப்பதற்கும் காரணம் உண்டு: உள்ளக ரீதியாக உருவாகிய நன்மதிப்பைச் சொத்தாக ஏற்பிசைவு செய்ய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 இடமளிப்பதில்லை.

மூலதன மீதி (2023.10.01)
குணம்: 2,000,000 + 120,000 + 200,000 = 2,320,000
றஹீம்: 1,400,000 + 80,000 = 1,480,000
சிவா: 1,000,000 − 200,000 = 800,000

சரிபார்ப்பு: பழைய மூலதனம் 3,400,000 + மீள்மதிப்பீட்டு இலாபம் 200,000 + காசு 1,000,000 = 4,600,000. மூன்று மீதிகளின் கூட்டும் அதுவே. நன்மதிப்பு மொத்தத்தை மாற்றக்கூடாது, மாறியிருந்தால் வரவும் செலவும் சமமாக இடப்படவில்லை.

இலாபப் பகிர்வு. அரையாண்டுக்கு ரூ. 450,000. (உண்மையான நெல் ஆலையில் பெரும்போக அறுவடைக் காலத்தில் வேலை குவியும். வினா விற்பனை விகிதம் தந்தால் 6:6 ஐ விட்டு அதைப் பயன்படுத்துக.)

முதல் அரையாண்டு: வட்டி குணம் 100,000, றஹீம் 70,000. எஞ்சிய 280,000 ஐ 3:2 இல் பிரிக்க 168,000, 112,000.

இரண்டாம் அரையாண்டு: வட்டி 116,000, 74,000, 40,000. சிவாவின் சம்பளம் 120,000. எஞ்சிய 100,000 ஐ 2:2:1 இல் பிரிக்க 40,000, 40,000, 20,000. சிவாவின் வட்டியை அவர் கொண்டுவந்த 1,000,000 க்குக் கணித்து 50,000 என எழுதுவது வழக்கமான தவறு. நன்மதிப்புக் கழித்த 800,000 தான் அவரது மூலதனம்.

நடைமுறைக் கணக்குகளுக்கு: குணம் 424,000, றஹீம் 296,000, சிவா 180,000. கூட்டு 900,000.

பயிற்சி

மற்றவை மாறாமல், புதிய விகிதத்தைத் தராமல் "சிவாவுக்கு 1/5" என்று மட்டும் வினா சொன்னால்? மீதி 4/5 பழையவர்களிடையே 3:2 இலேயே நிற்கும். ஆகவே விகிதம் 12:8:5. நன்மதிப்பின் தேறிய விளைவு: குணம் +120,000, றஹீம் +80,000, சிவா −200,000. சேர்க்கைக்குப் பின் மூலதனங்கள் 2,240,000, 1,560,000, 800,000. இரண்டாம் அரையாண்டு வட்டியிலிருந்து பகிர்வைத் தொடர்ந்து செய்க.