லிட்டர் 310 ரூபா ஏன்? தராசோட வந்திருக்கேன், பாருங்க

வணக்கம்ங்க, பட்டுக்கோட்டை பக்கத்துலேர்ந்து நம்ம மரச்செக்கு. போன வீடியோவுக்கு கீழ ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு, "கடையில பாக்கெட் எண்ணெய் பாதி விலைக்கு கிடைக்குது, நீங்க கடலை எண்ணெய் 310க்கு விக்கிறீங்க, கொள்ளையா?"ன்னு. கோவமெல்லாம் வரல, நியாயமான கேள்விதான். அதனால இன்னைக்கு வாயால பேசாம தராசுல வச்சே பேசுவோம். தம்பி, கேமராவ தராசுகிட்ட கொண்டா.

இது தோல் உடைச்ச நிலக்கடலைப் பருப்பு, 20 கிலோ 500 கிராம். ஒரத்தநாட்டு பக்கம் செம்மண்ணுல விளைஞ்சது, கிலோ 120 ரூபான்னு எடுத்தது. இத அப்படியே செக்குல கொட்ட மாட்டோம். அந்தா உக்காந்திருக்காங்க பாருங்க ரெண்டு அக்கா, சொத்தை, பூசணம் புடிச்சது, கறுத்தது எல்லாத்தயும் பொறுக்கிடுவாங்க. பூஞ்சை புடிச்ச கடலைல அஃப்லாடாக்சின்னு ஒரு விஷம் இருக்கும், அது ஈரலுக்கு ஆகாது, அதனால இதுல மட்டும் நான் கஞ்சத்தனம் பாக்க மாட்டேன். பொறுக்கினது போக சரியா 20 கிலோ.

இப்ப செக்குல போடுறோம். உரல், உலக்கை ரெண்டும் வாகை மரம். மோட்டார்லதான் ஓடுது, மாடு இல்லீங்க, மாடு கட்டி ஆட்டுறோம்னு போட்டோ போட்டு ஏமாத்த எனக்கு தெரியாது. ஆனா வேகத்த பாருங்க, நீங்களே எண்ணிக்கலாம், நிமிஷத்துக்கு பத்து பன்னெண்டு சுத்துதான். ஒரு தடவை ஆட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். நடுவுல ஒரு கை தண்ணி தெளிப்போம், அப்பதான் எண்ணெய் பிரிஞ்சு வரும், புண்ணாக்கும் கட்டி சேரும். தண்ணியா கலக்குறான்னு யாரும் பதறாதீங்க, அந்த ஈரம் பின்னாடி வெயில்ல போயிடும், எள்ளா இருந்தா தண்ணிக்கு பதில் கருப்பட்டி போடுவோம் அவ்ளோதான்.

இன்னொன்னு சொல்லிடுறேன். மரச்செக்குல சூடே வராதுன்னு நிறைய பேரு சொல்றாங்க, அது பொய். உரசினா சூடு வரத்தான செய்யும். இதோ தெர்மாமீட்டர், 41 டிகிரி. விரல விடுறேன், வெதுவெதுன்னு இருக்கு, சுடல. இரும்பு எக்ஸ்பெல்லர் மிஷின்ல புழிஞ்சு வர்ற எண்ணெயில இப்படி விரல விட்டா கொப்புளந்தான். பாக்கெட்ல வர்ற ரீஃபைண்ட் எண்ணெய்னா அதுக்கும் மேல, பல எடத்துல எண்ணெய கரைக்கிற ஹெக்ஸேன்னு ஒரு திரவத்த ஊத்தி புண்ணாக்குல ஒட்டின எண்ணெய கூட விடாம எடுத்துடுவாங்க, அப்புறம் காஸ்டிக் சோடா, வெளுக்கிற மண்ணு, கடைசியா வாசனை போக 200 டிகிரிக்கு மேல ஆவி. அது சட்டப்படி செய்ற வேலைதான், குறை சொல்ல வரல. எண்ணெய் மிச்சமில்லாம வந்துடுது, அதான் விலை கம்மி. நம்ம செக்குல புண்ணாக்குலயே கொஞ்சம் தங்கிடும், அத மாடுதான் தின்னும்.

சரி, தராசுக்கு வருவோம். எண்ணெய் 8 கிலோ. புண்ணாக்கு 11 கிலோ 500. இத கிலோ 40ன்னு மாட்டுக்காரங்க வந்து எடுத்துப்பாங்க, 460 ரூபா.

இப்ப சட்டை மாறிடுச்சுல்ல, மூணு நாள் கழிச்சு எடுக்குறோம். பாத்திரத்து வாயில வெள்ளத்துணி கட்டி வெயில்ல வச்சிருந்தோம், கசடு அடியில உக்காந்துடுச்சு. ஃபில்டர் மிஷின் கிடையாது. தெளிஞ்சத மட்டும் மேலாக்க எடுத்தா எட்டேகால் லிட்டர்.

கணக்கு போட்டுக்கோங்க. கடலைக்கு 2460, புண்ணாக்கு காசு கழிச்சா 2000. எட்டேகாலால வகுத்தா லிட்டருக்கு 242 வருது. ஆள் கூலி, கரண்டு, அக்காங்க சம்பளம், பாட்டில், மூடி எல்லாம் ஒரு 45. ஆக 287. நான் விக்கிறது 310. 23 ரூபா எனக்கு, அதுலயும் செக்கு ரிப்பேருன்னு வந்தா ஆசாரிக்கு போயிடும். கடலை விலை எறங்குனா நானும் எறக்குவேன், ஏறுனா திட்டாதீங்க.

அப்புறம் வாங்கிட்டு போனவங்க சொல்ற ஒரே புகாரு, வடை சுடுறப்ப நுரைக்குதுன்னு. ஆமா நுரைக்கும், கசடு முழுசா போகாத எண்ணெய் அப்படித்தான், சட்டிய பாதிக்கு மேல நிரப்பாதீங்க, தீய கொறச்சு வைங்க. வாங்கினா மூணு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க, ஜன்னலோரம் வெயில் படுற மாதிரி வைக்காதீங்க, காறல் வாடை வந்துடும்.

இதுக்கு மேலயும் நம்பிக்கை வரலன்னா சொந்த கடலைய கொண்டாங்க, கிலோவுக்கு 15 ரூபா கூலி, கண்ணு முன்னாடி ஆட்டி எண்ணெயும் புண்ணாக்கும் உங்ககிட்டயே குடுத்துடுறோம். தேங்காயா இருந்தா கொப்பரை நல்லா காஞ்சிருக்கணும், போன வாரம் ஒரு அத்தை ஈரக் கொப்பரை கொண்டாந்து திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. வெள்ளிக்கிழமை எள்ளு ஆட்டுறோம், காலைல ஏழு மணிக்கு செக்கு ஓட ஆரம்பிச்சுடும், வந்தீங்கன்னா கருப்பட்டியோட கலந்த சூடான எள்ளுப் புண்ணாக்கு ஒரு உருண்டை, அதுக்கு காசு கிடையாது.